மூச்சு வந்துவிட்டது, கெண்டைக்கால் வரவில்லை: 39 வயதில் மறுபடி பந்து ஆடப் போனவரின் ஆறு வாரம்

பல வருஷம் கழித்துக் கிரவுண்டுக்குத் திரும்புகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கவலைதான், மூச்சு. ரெண்டு ரவுண்டு ஓடினால் நாக்குத் தள்ளுகிறது, அதைச் சரிபண்ணிவிட்டால் போதும், பழையபடி ஆடிவிடலாம் என்று நினைக்கிறார்கள். மூச்சு சரியாகிவிடும், ரெண்டு மூணு வாரத்திலேயே ஆகிவிடும். வினையே அங்கேதான் ஆரம்பம். மூச்சு ‘ஓடு’ என்று சொல்கிற நேரத்தில் கெண்டைக்காலும் பின்தொடையும் இன்னும் கல்லாவில் உட்கார்ந்திருந்த காலாகத்தான் இருக்கும். வார இறுதியில் கால்பந்து ஆடுகிறவர்கள் நொண்டிக்கொண்டு என்னிடம் பிசியோதெரபிக்கு வருவது பெரும்பாலும் இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டுதான். அப்படி வந்த ஒருவரின் முதல் ஆறு வாரத்தை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

ஆளுக்கு 39 வயது. கல்லூரி அணியில் ரைட் பேக். கீழ மாசி வீதிப் பக்கம் மொத்த வியாபாரக் கடை, காலையிலிருந்து இரவு பத்து மணி வரை கல்லாதான். ஒழுங்காகப் பந்து ஆடி 11 வருஷம் ஆகிவிட்டது. எடை 84 கிலோ. கல்லூரிக் காலத்தில் வலது கணுக்கால் ரெண்டு தடவை பிரண்டிருக்கிறது, ரெண்டுக்குமே மாவுக்கட்டு இல்லை, எண்ணெய் போட்டு உருவிவிட்டதோடு சரி. கூட ஆடியவர்கள் சிலர் இப்போது ராத்திரியில் டர்ஃப் புக் பண்ணி ஆடுகிறார்கள், கோடையில் எழுவர் போட்டி ஒன்றுக்குப் பேர் கொடுக்கப் போகிறார்கள், இவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு முடிந்த கையோடு என்னிடம் வந்தார். “அண்ணே, ஒரு மாசத்துல என்னைய ஓட விட்ருவீங்களா?” என்றார். ஓடுவது முதல் நாளிலிருந்தே உண்டு தம்பி, ஆடுவதற்குத்தான் ஆறு வாரம் கேட்கிறேன் என்றேன்.

ஓடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. அவர் அப்பாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியதும் மாரடைப்பு வந்திருக்கிறது. இவருக்கு ரத்த அழுத்தம் 134/86, சர்க்கரையும் எல்லைக்கோட்டில். இப்படி ஒருவரை நேராகக் கிரவுண்டில் இறக்கக் கூடாது. டாக்டரைப் பார்த்து ஈசிஜியும் டிரெட்மில் பரிசோதனையும் முடித்துவிட்டு வரச் சொன்னேன், ரெண்டும் சுத்தமாக இருந்தன. அப்படியும், நெஞ்சு இறுக்கம், வழக்கத்துக்கு மீறிய படபடப்பு, கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்று அவர் மனைவி முன்னாலேயே சொல்லி அனுப்பினேன். ஆட்கள் தாங்களாக நிறுத்துவதில்லை, வீட்டுக்குத் தெரிந்தால்தான் நிறுத்துவார்கள்.

முதல் நாள் என்ன சோதிப்பது? நிறையப் பேர் பன்னிரண்டு நிமிஷ ஓட்டம் வைத்து எத்தனை மீட்டர் ஓடுகிறார் என்று பார்ப்பார்கள். பல வருஷம் ஓடாத காலை முதல் நாளே முழு மூச்சில் ஓடவிட்டால் அந்தச் சோதனையே காயத்தில் முடியலாம். கிடைக்கிற எண்ணாலும் பெரிதாகப் பயனில்லை, மூச்சு மோசம் என்பது அவருக்கே தெரியும். நான் பார்த்தது காலை. படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னேன், முழு உயரத்துக்கு, ரெண்டு விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில். இடது கால் 17, வலது கால் 9. பந்து ஆடுகிற ஆளுக்கு ரெண்டு காலிலும் இருபதுக்கு மேல், முடிந்தால் 25 வர வேண்டும் என்பது நான் வைத்திருக்கிற அளவு. அடுத்து சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொடச் சொன்னேன். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் இடது காலில் 10 சென்டிமீட்டர் இருந்தது, வலதில் 6 தான். பழைய பிரண்டல் விட்டுப்போன கணக்கு அது. மல்லாந்து படுத்து ஒற்றைக் காலை ஊன்றி இடுப்பைத் தூக்கும் சோதனையில் இடது 14, வலது 12. ஆக, வலது கெண்டைக்கால்தான் இந்த ஆளின் பலவீனமான இடம் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அதை வைத்துத்தான் திட்டம் போட்டேன்.

முதல் ரெண்டு வாரத்தில் வாரத்துக்கு மூணு நாள் ஓட்டம், ஒன்று விட்டு ஒரு நாள். ஒரு நிமிஷம் மெல்லோட்டம், ரெண்டு நிமிஷம் நடை, இதையே எட்டு தடவை, மொத்தம் 24 நிமிஷம். ரெண்டாவது வாரத்தில் ரெண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று மாற்றி 30 நிமிஷம். வேகத்துக்குக் கடிகாரம் வேண்டாம், ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும். இவர் முதல் நாள் கல்லூரி நினைப்பில் கிளம்பினார். அன்றைக்கு அரிசி விலை என்ன என்று கேட்டேன், பதில் வரவில்லை, வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டேன். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றித்தான் ஓடுவேன் என்றார், வீட்டுக்குப் பக்கம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும், காலையில் கூட்டத்தோடு நடக்க அருமையான இடம். ஆனால் தரை கெட்டி, ஆடப்போவது மண்ணிலும் டர்ஃபிலும். அதனால் நடை மட்டும் தெப்பக்குளம், ஓட்டம் ஒரு பள்ளியின் செம்மண் மைதானம் என்று பேசி முடித்தோம்.

ஓடாத நாட்களில் ரெண்டு நாள், தலா இருபது நிமிஷம் தசைக்கான வேலை. குதிகால் தூக்குவதை ரெண்டு விதமாகச் செய்ய வேண்டும், முட்டியை நீட்டி ஒரு தடவை, முட்டியை மடக்கி ஒரு தடவை. கெண்டைக்காலில் மேலே தெரிகிற தசை ஒன்று, அதற்கு அடியில் தட்டையாக இன்னொன்று. முட்டியை மடக்கினால் மேல்தசை தளர்ந்து, சுமை அடித்தசைக்குப் போகும். மெல்லோட்டத்தில் உடம்பின் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது அந்த அடித்தசைதான், வயது ஏற ஏற ஆட்கள் புகார் சொல்வதும் அங்கேதான், ஆனால் ஜிம்முக்குப் போகிறவர்கள்கூட அதைத் தனியாகச் செய்வதில்லை. இதோடு இடுப்புத் தூக்கல், நாற்காலியைத் தொட்டு எழும் ஸ்குவாட், கவட்டைத் தசைக்கு முட்டியைப் பெஞ்சில் ஊன்றிய பக்கவாட்டுப் பிளாங்க்.

ரெண்டாவது வாரத்தில் நார்டிக் சேர்த்தோம். முட்டி போட்டு நின்று, பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடியே முன்பக்கமாக மெல்லச் சாய்வது. பின்தொடை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிற பயிற்சி. பின்தொடைக் காயத்தை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் தடவை மூணே மூணு தான் கொடுத்தேன். இதற்குப் போயா என்று சிரித்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் கல்லா நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் முகம் சுளித்திருக்கிறார். அடுத்த தடவை அதே மூணு, வலி கிட்டத்தட்ட இல்லை. தசை ஒரு தடவை அந்தச் சுமையைப் பார்த்துவிட்டால் அடுத்த தடவைக்குத் தயாராகிவிடுகிறது. முதல் நாளே பத்து கொடுத்திருந்தால் ஒரு வாரம் ஓட்டமே போயிருக்கும்.

மூணாவது வாரம் நிறுத்தாமல் இருபது நிமிஷம் ஓடினார், பேசிக்கொண்டே. ஓட ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும், இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளுகிற ரத்தமும் கூடும், அதனால் அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு குறைந்துவிடும். உள்ளுக்குள் ஆள் மாறிவிட்ட மாதிரி ஒரு தெம்பு வரும். தசை வலுப்பட இன்னும் சில வாரம் வேண்டும். குதிகாலுக்கு மேலே கயிறு போல் இருக்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டமே குறைவு, அது கெட்டிப்பட மாசக்கணக்கு. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு ஆள் குறைகிறது என்று போன் வந்தால் இதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்! டர்ஃபில் ஐவர் ஆட்டம், 50 நிமிஷம் ஆடிவிட்டார். முடித்துவிட்டுப் பரோட்டா சால்னாவும் ஆயிற்று. மூச்சு வாங்கவே இல்லையாம், ரெண்டு கோல் வேறு.

திங்கட்கிழமை காலையில் மாடியிலிருந்து இறங்க முடியவில்லை, வலது கெண்டைக்கால் விறைத்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் காலை மூணு விதமாகப் படிக்கலாம். தசை கிழிந்திருந்தால், பெரும்பாலும் ஆடும்போதே ஒரு நொடியில் சுரீர் என்று தெரியும், யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி இருந்தது என்று திரும்பிப் பார்ப்பார்கள். வலி எங்கே என்றால் ஒரு விரலால் தொட்டுக் காட்டுவார்கள், ஒன்றிரண்டு நாளில் ரத்தக்கட்டு தெரியலாம். இவருக்கு அப்படி ஒரு நொடி இல்லை, கேட்டதற்கு உள்ளங்கையை விரித்து மொத்தக் கெண்டைக்காலையும் தடவினார். ரெண்டாவது, ரத்த நாளத்தில் உறைவு. கால் வீங்கி, சூடாக, ஆடாமல் படுத்திருக்கும்போதும் வலித்தால் பிசியோவிடம் வரக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிற ஆள் என்பதால் அதைக் கேட்காமல் விட முடியாது. ரெண்டு காலையும் டேப்பால் சுற்றி அளந்தேன், வித்தியாசம் இல்லை, சூடும் இல்லை. முட்டியை நீட்டிக் குதிகாலைத் தூக்கினால் லேசாக வலித்தது, மடக்கித் தூக்கினால் அதிகம் வலித்தது. அதாவது அடித்தசை, அளவுக்கு மீறிய சுமை, கிழிசல் இல்லை.

எவ்வளவு மீறியது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. முடித்து அரை மணி கழித்து ‘பத்துக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது’ என்று ஒரு எண் சொல்லச் சொல்லி, அதை நிமிஷத்தால் பெருக்குவது. ரெண்டாவது வாரத்தில் ஓட்டம் 30 நிமிஷம், கஷ்டம் 4, மூணு நாள் என்றால் 360. தசை வேலை இருபது நிமிஷம், கஷ்டம் 3, ரெண்டு நாள் என்றால் 120. மொத்த வாரமும் 480. ஞாயிறு ராத்திரி மட்டும் 50 நிமிஷத்துக்கு அவரே கொடுத்த எண் 8, அதாவது 400. கிட்டத்தட்ட ஒரு வாரத்துச் சுமையை ஒரே ராத்திரியில் இறக்கியிருக்கிறார். கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. மைதானத்தில் நேராக ஓடினார், டர்ஃபில் நாலு எட்டுக்கு ஒரு தடவை பிரேக் போட்டுத் திரும்பினார். நிற்கிற ஒவ்வொரு தடவையும் கெண்டைக்காலும் முன்தொடையும் நீண்டுகொண்டே சுமை தாங்கும், அந்த வேலையை அதுவரை அவர் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. போதாததற்குப் பழைய நீள ஸ்டட் ஷூவைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். டர்ஃபில் நீள ஸ்டட் மாட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. அடியில் சின்னச் சின்னக் குமிழாக இருக்கிற டர்ஃப் ஷூதான் அதற்குச் சரி.

முழு ஓய்வு கொடுக்கவில்லை. ஓட்டத்தை மட்டும் ஐந்து நாள் நிறுத்தினோம். தினமும் ரெண்டு காலிலும் குதிகாலைத் தூக்கி அப்படியே 30 விநாடி பிடித்து நிற்பது, ஐந்து தடவை, நாள் போகப் போக 45 விநாடி. மூச்சு குறையாமல் இருக்க சைக்கிள். செய்யும்போது வலி பத்துக்கு மூணு வரை இருக்கலாம், ஆனால் மறுநாள் காலை முதல் நாலு எட்டு முந்தின நாளைவிட மோசமாக இருக்கக் கூடாது. இதற்கு ஒரு சோதனையும் வைத்தேன். காலையில் எழுந்து காபிக்கு முன்னால் படிக்கட்டில் ஒற்றைக் காலில் பத்து தடவை குதிகால் தூக்கி, வலியை பத்துக்கு எவ்வளவு என்று எனக்கு அனுப்ப வேண்டும். முதல் நாள் 5 வந்தது, மறுநாள் 4, மூணாவது நாள் திடீரென்று 0. சந்தேகப்பட்டுக் கேட்டால், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். மாத்திரை போட்டுக்கொண்டு வலியை அளந்தால் மாத்திரையைத்தான் அளக்கிறோம். அதை நிறுத்தியதும் மறுநாள் 3, அப்புறம் 1. ஆறாவது நாள் மறுபடி மெல்லோட்டம்.

நாலாவது வாரத்தின் பின்பாதியில்தான் பந்தைத் தொட்டார். ஓட்டத்துக்கு முன்னால் ஃபிஃபாவின் ‘11+’ வார்ம் அப்பைப் பிடித்துக்கொண்டோம். பதினைந்து பயிற்சிகள், இருபது நிமிஷம், முதலில் மெதுவான ஓட்டம், நடுவில் வலுவும் சமநிலையும் குதிப்பும், கடைசியில் வேக ஓட்டம். நார்டிக் அதிலேயே இருக்கிறது. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது செய்தால்தான் பலன். அதற்குப் பிறகு நிற்கப் பழகுதல். பத்து மீட்டர் பாதி வேகத்தில் ஓடி மூணே எட்டில் நிற்பது, அப்புறம் நின்று வலதுபக்கம் திரும்புவது, இடதுபக்கம் திரும்புவது, அதற்கப்புறம்தான் பந்தோடு. வலது கணுக்காலுக்காக ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பாஸ் வாங்கிக் கொடுப்பது. கெண்டைக்கால் வேலையில் முதுகில் ஐந்து கிலோ அரிசி போட்ட ஸ்கூல் பை ஏறியது. அரிசிக்கு அவர் கடையில் பஞ்சமில்லை.

ஐந்தாவது வாரம்தான் வேக ஓட்டம், இதை இவ்வளவு தள்ளிவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பந்து ஆட்டத்தில் பின்தொடை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் முழு வேகத்தில் ஓடும்போது, கால் முன்னால் வீசப்பட்டுத் தரையைத் தொடப்போகிற கடைசிக் கணத்தில். அந்த வேகத்துக்கு அந்தத் தசையைப் பழக்க வேக ஓட்டத்தைத் தவிர வேறு பயிற்சி கிடையாது, நார்டிக்கும் துணைக்குத்தான். ஆட்டத்தில் முதல் தடவையாக முழு வேகம் எடுக்கிற ஆளுக்குத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் அறுபது மீட்டரை மூணாகப் பிரித்தோம், முதல் இருபதில் மெல்ல வேகம் ஏற்று, நடு இருபதில் அதைப் பிடி, கடைசி இருபதில் மெல்ல விடு. ஆறு ஓட்டம், நடுவில் ரெண்டு நிமிஷம் நடை. முதல் நாள் எழுபது சதவீதம், மூணு நாள் விட்டு எண்பது. எண்பது என்று அவர் நினைப்பதும் நிஜமும் ஒன்றா என்று பார்க்க நடு இருபது மீட்டருக்கு மட்டும் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். முதல் நாள் 3.8 விநாடி, அடுத்த நாள் 3.4, ஆறாவது வாரக் கடைசியில் 3.0. வேக ஓட்டம் எப்போதும் வார்ம் அப் முடிந்த கையோடு, உடம்பு புதிதாக இருக்கும்போதுதான். “கடைசில வச்சுக்கலாம்ண்ணே” என்று கெஞ்சினாலும் கிடையாது, அசந்த பின்தொடையில் வேகம் எடுக்கக் கூடாது. அதேபோல் கடை அடைத்துவிட்டு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து வந்த ஒரு நாள் வேக ஓட்டத்தை ரத்து பண்ணி நடக்க அனுப்பிவிட்டேன்.

அதற்குள் மாசி வெயில் ஏறிவிட்டது. ஒரு மாலைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தோம், ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது. அதெல்லாம் வியர்வை, கொழுப்பு இல்லை. உப்புப் போட்ட மோரும் தண்ணீரும் குடித்து ஈடுகட்டச் சொன்னேன். முடித்ததும் ஜிகர்தண்டா குடித்தால் ஆகாதா என்றார். ஆகும், ஆனால் எல்லைக்கோட்டுச் சர்க்கரையோடு வாரத்துக்கு மூணு ஜிகர்தண்டா ஆகாது.

ஆறாவது வாரம் முதல் நாள் சோதனைகளைத் திரும்ப எடுத்தோம். குதிகால் தூக்கல் வலது 21, இடது 23. இடுப்புத் தூக்கல் வலது 22, இடது 24. எடை ரெண்டு கிலோதான் குறைந்திருந்தது, அதற்காக ரொம்ப வருத்தப்பட்டார், எனக்கு வருத்தமில்லை. வார இறுதியில் எழுவர் ஆட்டம், இருபது நிமிஷப் பாதி ரெண்டு. பத்து நிமிஷம் ஆடி, பத்து நிமிஷம் வெளியே, இப்படி ரெண்டு தடவை, விங் பக்கம் போகாமல் நடுவில் பின்னால் நின்று ஆட வேண்டும் என்று அணிக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன். கடைசியில் ஒருவர் கழன்றுகொள்ள, மொத்தம் 25 நிமிஷம் ஆடினார். கஷ்டம் 7, அதாவது 175. மறுநாள் காலைச் சோதனையில் வலது கெண்டைக்காலில் 2 என்று அனுப்பினார், மதியத்துக்குள் அதுவும் போய்விட்டது.

ஆறு வாரத்தில் வராதது எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தசைநாண் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது, குறைந்தது மூணு மாசம் குதிகால் வேலையை வாரத்துக்கு ரெண்டு நாள் விடக் கூடாது. எழுவர் ஆட்டத்தை முழுசாக ஆட இன்னும் நாலு வாரமாவது ஆகும், வாரத்துக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் கூட்டப் போவதில்லை. பதினோரு பேர் ஆட்டத்தை, தொண்ணூறு நிமிஷத்தை, இந்தக் கோடையில் நினைக்கவே வேண்டாம். அந்த வலது கணுக்கால் சுவர்ச் சோதனையில் ஆறிலிருந்து எட்டுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. ரெண்டு வாரமாக அசையவில்லை. முட்டியைச் சுவர்ப் பக்கம் தள்ளினால் கணுக்காலின் முன்பக்கம் இடிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார், தசை இறுக்கமாக இருந்தால் பின்னால் இழுக்க வேண்டும். அதனால் இனி நீட்டிப் பயனில்லை, ஆட்டத்தன்று கணுக்கால் பிரேஸ் போடச் சொல்லியிருக்கிறேன், எலும்பு டாக்டரிடம் ஒரு எக்ஸ்ரேவுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.